வாய்ஸ் அனுப்பலாமா, டைப் செய்வதா: வேலைக் குழுவுக்கும் வீட்டுக் குழுவுக்கும் ஒரு முழு வழிகாட்டி

திருப்பூரில் ஒரு சிறிய பனியன் யூனிட்டில் ஆர்டர் கணக்கு பார்க்கிறேன். கட்டிங் மாஸ்டர், டைலர்கள், பேக்கிங் ஆட்கள், சாயப்பட்டறை, லாரி ஆபீஸ் என்று எல்லோரிடமும் நாள் முழுக்க வாட்ஸ்அப்பில்தான் பேச்சு. வீட்டில் அப்பா அம்மா ஊரில், தங்கை கோவையில், தம்பி துபாயில். அங்கேயும் ஒரு குழு. புதிதாக வேலைக்கு வருபவர்கள் இந்த இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்: டைப் செய்ய வேண்டியதை வாய்ஸில் சொல்லிவிடுவார்கள், வாயால் சொல்ல வேண்டியதை எழுதிவிடுவார்கள். நான் இப்போது எந்த வரிசையில் யோசிக்கிறேன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

## 1. முதலில் போனைத் தயார் செய்யுங்கள்

பலர் வாய்ஸ் அனுப்புவது அது பொருத்தம் என்பதால் அல்ல. தமிழில் டைப் செய்ய வராததால். அந்தக் காரணத்தை முதலில் நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கீழே உள்ள எந்த முடிவும் உங்கள் கையில் இருக்காது.

ஆண்ட்ராய்டு போனில் Gboard இருந்தால் அதன் அமைப்புகளில் Languages, பிறகு Add keyboard, அதில் Tamil. தமிழ் எழுத்து விசைப்பலகை, விரலால் எழுதும் முறை, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறை மூன்றும் அங்கே இருக்கும். கையால் எழுதிப் பழகியவர்களுக்கு விரலால் எழுதும் முறை சீக்கிரம் பிடிபடுகிறது.

அடுத்தது, இரண்டு மைக் குறிகளையும் பிரித்து அறிந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மைக் உங்கள் குரலை அப்படியே அனுப்பும். விசைப்பலகைக்குள் இருக்கும் மைக் நீங்கள் பேசுவதை எழுத்தாக்கித் தரும். இரண்டாவது ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. கையில் நூல், எண்ணெய் என்று டைப் செய்ய முடியாத நிலையில் அதுதான் எனக்கு உதவுகிறது. ஆனால் அது பெயரையும் எண்ணையும் அடிக்கடி மாற்றிப் போடும், "வந்துட்டு இருக்கேன்" மாதிரியான பேச்சு வழக்கில் திணறும். கொஞ்சம் நிதானமாக, எழுத்துத் தமிழுக்கு அருகில் பேசுங்கள். அனுப்பும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

மூன்றாவது ஏற்பாடு மனதில் செய்வது. குழுவில் யார் எதைப் படிப்பார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். என் அம்மா தமிழ் நன்றாகப் படிப்பார். ஆனால் "saptacha" என்று ஆங்கில எழுத்தில் வந்தால் அதை அப்படியே விட்டுவிடுவார். எங்கள் பேக்கிங்கில் ஒரு அக்காவுக்கு எண் தெரியும், எழுத்து கூட்டிப் படிக்க நேரமாகும். செக்கிங்கில் இருப்பவருக்கு ஒரு காது கேட்காது. இது தெரியாமல் அனுப்பினால் எழுத்தோ குரலோ, பாதிப் பேருக்குப் போய்ச் சேராது.

## 2. முதலில் கேட்க வேண்டிய கேள்வி

இதை அவர் எத்தனை தடவை பார்க்க வேண்டியிருக்கும்?

ஒரு தடவை கேட்டால் முடிந்துவிடும் என்றால் வாய்ஸ் போதும். இரண்டாவது தடவை திரும்பி வந்து பார்ப்பார் என்றால் எழுத்து. "வண்டி கிளம்பிடுச்சுங்க, பத்து நிமிஷத்துல வந்துரும்" என்பது ஒரு தடவை. வண்டியின் பதிவு எண் இரண்டு தடவை: இப்போது ஒருமுறை, வாசலில் வண்டி வந்து நிற்கும்போது ஒருமுறை.

காரணம் எளிது. வாட்ஸ்அப்பில் தேடினால் எழுத்து அகப்படும், குரல் அகப்படாது. நாற்பது செய்திகளுக்கு மேலே போய்விட்ட ஒரு வாய்ஸைக் கண்டுபிடிக்க, வரிசையாக ஒவ்வொன்றாக ஓட்டிக் கேட்க வேண்டும். கேட்கும்போதும் வேண்டிய இடத்துக்கு நேராகப் போக முடியாது. ஒன்றரை நிமிடப் பதிவில் தேதி எங்கே சொல்லப்பட்டது என்று யாருக்கும் நினைவிருக்காது.

திருத்தமும் அப்படித்தான். எழுத்தில் தவறு வந்தால் 15 நிமிடத்துக்குள் அதே செய்தியைத் திருத்தலாம். வாய்ஸில் தவறு வந்தால் அழித்துவிட்டு மறுபடி பேச வேண்டும். பெரும்பாலோர் அழிக்காமல் இன்னொரு வாய்ஸ் போடுவார்கள். குழுவில் பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், முதலாவதை மட்டும் கேட்டவர் அதன்படியே வேலையைத் தொடங்கிவிடுவார்.

## 3. அவர் இப்போது எங்கே இருக்கிறார்?

இரண்டாவது கேள்வி இது. முதல் கேள்விக்கு வாய்ஸ் என்று பதில் வந்தாலும் இது மாற்றிவிடலாம்.

பவர் டேபிள் ஓடும் ஹாலில் நிற்பவருக்கு வாய்ஸ் கேட்காது. வெளியே போய்க் கேட்கலாம் என்று வைப்பார், மறந்துவிடுவார். பேருந்தில் இருப்பவர், வங்கியில் வரிசையில் நிற்பவர், வாடிக்கையாளருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் ஆகியோருக்கும் எழுத்துதான். மாறாக, வண்டி ஓட்டுபவருக்கு இரண்டுமே அனுப்பாமல் இருப்பது நல்லது. அவசரமென்றால் அவர் வண்டியை நிறுத்தும் நேரம் பார்த்துப் பேசுங்கள்.

போனைக் காதில் வைத்தால் வாய்ஸ் ஸ்பீக்கரில் வராமல் காதுக்கு மட்டும் கேட்கும் என்பதை வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். பலருக்கு இது தெரியாது. ஆனால் நீங்கள் அனுப்பும்போது, எதிரில் இருப்பவர் ஸ்பீக்கரில்தான் போடுவார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம், கடன், வரன் பேச்சு, யாருடைய உடம்பு நிலை போன்றவற்றை வாய்ஸில் வைத்தால், அவர் அதை எந்தக் கூடத்தில், யார் முன்னால் தட்டித் திறப்பார் என்பது உங்கள் கையில் இல்லை.

## 4. எண்களைக் குரலில் அனுப்பாதீர்கள்

இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. காரணத்தை ஒரு நடந்த கதையால் சொல்கிறேன்.

உள்பனியனுக்கு அளவு 80, 85, 90, 95 என்று போகும். மார்புச் சுற்று, சென்டிமீட்டரில். ஒரு ஆர்டரை இப்படி வாய்ஸில் சொன்னேன்: "அண்ணா, எம்பது முந்நூறு, எம்பத்தஞ்சு எழுநூறு, தொண்ணூறு எண்ணூறு, தொண்ணூத்தஞ்சு நானூறு. வர்ற வெள்ளிக்குள்ள முடிச்சுருங்க. தொண்ணூறுதான் அவசரம்."

வாயால் சொல்லிப் பாருங்கள். அளவும் எண், பீஸும் எண். எழுநூறு, எண்ணூறு, தொண்ணூறு எல்லாம் ஒரே ஓசையில் முடிகின்றன. பின்னால் ஓவர்லாக் சத்தம் வேறு. சூப்பர்வைசர் அண்ணன் நோட்டில் 85-க்கு 800, 90-க்கு 700 என்று எழுதிக்கொண்டார். மொத்தம் கூட்டினால் 2,200 சரியாக வந்தது. அதனால் கட்டிங்கிலும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, தைப்பதிலும் வரவில்லை. பத்துப் பத்தாகப் பெட்டியில் போடும்போதுதான் 90 அளவில் பத்துப் பெட்டி குறைந்தது. வாய்ஸை மறுபடி போட்டுக் கேட்டோம். 85-க்கு அவர் எண்ணூறு என்கிறார், நான் எழுநூறு என்கிறேன். இரண்டு பேருக்கும் அவரவர் எண்தான் கேட்டது.

இன்னொரு தவறும் அதே பதிவில் இருந்தது. "வர்ற வெள்ளி" எது? புதன்கிழமை சொன்னால் மறுநாள் கழித்தா, அடுத்த வாரமா? "நாளைக்கு" என்பது அதைவிட மோசம். நான் இரவு பத்து மணிக்குச் சொன்ன "நாளைக்கு", அவர் காலையில் கேட்கும்போது ஒரு நாள் தள்ளிப் போய்விடுகிறது. எழுத்திலும் "நாளை" என்று போடாதீர்கள், தேதியும் கிழமையும் சேர்த்தே போடுங்கள்.

அதே ஆர்டரை இப்போது இப்படி அனுப்புகிறேன்:

ஆர்டர் 214, வெள்ளை, கை இல்லாதது
80 அளவு: 300 பீஸ்
85 அளவு: 700 பீஸ்
90 அளவு: 800 பீஸ் (முதலில் இது)
95 அளவு: 400 பீஸ்
மொத்தம்: 2,200 பீஸ்
பேக்கிங் முடிய வேண்டியது: மார்ச் 20, வெள்ளி, மாலை 5 மணி

வரிக்கு ஒரு அளவு. அளவு இடப்பக்கம், பீஸ் வலப்பக்கம், நடுவில் ஒரு சொல். எண் எப்போதும் இலக்கத்தில். எழுத்து கூட்டிப் படிக்க நேரமாகும் அந்த அக்காவும் இதைப் பார்த்த உடனே புரிந்துகொள்கிறார், ஏனென்றால் அவருக்கு எண் தெரியும்.

போன் எண், வங்கிக் கணக்கு எண், கதவிலக்கம், ரயில் பெட்டி எண் இவையும் இதே கணக்கில் வரும். டைப் செய்த போன் எண்ணைத் தட்டினாலே அழைப்புப் போகும். வாய்ஸில் வந்த எண்ணுக்குப் பேனாவும் பேப்பரும் தேட வேண்டும். ஓடிபியை மட்டும் குரலிலும் அனுப்பாதீர்கள், எழுத்திலும் அனுப்பாதீர்கள்.

## 5. குரலுக்கே உரிய செய்திகள்

எண் இல்லாத, மறுபடி பார்க்க வேண்டாத செய்தியிலும் எழுத்தைவிடக் குரல் நன்றாக வேலை செய்யும் இடங்கள் சில இருக்கின்றன.

முதலாவது, குறை சொல்லும்போது. "கழுத்துப் பட்டி சுருங்கியிருக்கு, ஏன் பாக்கல?" என்று எழுதினால் அது அதட்டல். அதையே, "அண்ணா, போன லாட்டுல கழுத்துப் பட்டி லேசா சுருங்கி வந்துச்சுங்க, இந்தத் தடவை கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்க" என்று வாயால் சொன்னால் யாருக்கும் சுருக்கென்று தைக்காது. நம் பேச்சில் மரியாதை பாதி சொல்லில் இருக்கிறது, மீதி இழுத்துச் சொல்லும் விதத்தில் இருக்கிறது. எழுதும்போது இரண்டாவது பாதி போய்விடுகிறது. மன்னிப்புக் கேட்பதும் அப்படியே.

இரண்டாவது, எழுத்தில் வராத சத்தம். பேட்லாக் மிஷினில் தட்டுகிற சத்தம் வந்தபோது மெக்கானிக்குக்கு அதைப் பத்து விநாடி பதிவு செய்து அனுப்பினேன். வரும்போதே எந்த பாகம் வேண்டும் என்று எடுத்து வந்தார். இதை எந்த மொழியிலும் டைப் செய்ய முடியாது.

மூன்றாவது, குரல்தான் செய்தியாக இருக்கும் இடம். துபாயிலிருந்து தம்பி "நல்லா இருக்கேன்" என்று எழுதினால் அம்மா நம்பமாட்டார். அவன் குரலைக் கேட்டால் சளி பிடித்திருப்பது உட்பட எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும்.

துக்கச் செய்தி மட்டும் இதில் சேராது. நெருங்கியவர்களுக்குப் போன் செய்துதான் சொல்ல வேண்டும். குழுவில் எழுத்து: யார், எப்போது, எடுப்பது எத்தனை மணிக்கு, எந்த வீட்டில். அழுகையோடு ஒரு வாய்ஸைக் குழுவில் போட்டால், என்ன ஆயிற்று என்று தெரியாமல் எங்கேயோ நடுவழியில் ஒருவர் அதைத் தட்டிக் கேட்பார். ஊருக்குக் கிளம்புபவர்களுக்கு வேண்டிய நேரமும் அதில் இருக்காது.

## 6. இரண்டும் வேண்டுமென்றால், எழுத்து முதலில்

பல செய்திகளில் ஒரு பகுதி எண், ஒரு பகுதி விளக்கம். அப்போது இரண்டையும் அனுப்புங்கள். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் எழுத்து, பிறகு அந்தச் செய்திக்கு ரிப்ளையாக இணைத்த வாய்ஸ். டைப் செய்த செய்தியை வலப்பக்கம் இழுத்துவிட்டு மைக்கை அழுத்தினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு யாராவது வாய்ஸைக் கண்டால் அதன் தலையிலேயே மூலச் செய்தி தெரியும்.

வாய்ஸ் முதலில் போனால் ஆட்கள் அதைக் கேட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள், பின்னால் வரும் எழுத்தைப் பார்ப்பதில்லை. இதைப் பல தடவை பார்த்துவிட்டேன்.

செய்ய வேண்டியவை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும், ஏன் என்பது மட்டும் குரலில் இருக்கட்டும். மேலே உள்ள ஆர்டரில் 90 முதலில் என்பது எழுத்தில் இருக்கிறது. கடைக்காரர் ஏன் அவசரப்படுகிறார், கழுத்துப் பட்டி விஷயத்தை டைலரிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்பது இருபது விநாடி வாய்ஸில். வாய்ஸை யாரும் கேட்காவிட்டாலும் வேலை சரியாக நடக்க வேண்டும்.

## 7. வீட்டில் ஒரு முழு உதாரணம்: அப்பாவின் கண் சொட்டு மருந்து

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. சொட்டு மருந்தை முதல் வாரம் ஒரு நாளுக்கு 6 தடவை, பிறகு ஒவ்வொரு வாரமும் அதில் ஒரு தடவை குறைத்து, மொத்தம் 6 வாரம் விடச் சொன்னார்கள். (இது அவருக்கு எழுதிக் கொடுத்தது. உங்கள் வீட்டில் உங்கள் டாக்டர் எழுதியதுதான் கணக்கு.) ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று தங்கை குழுவில் ஒரு நீண்ட வாய்ஸ் போட்டாள். எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். அம்மா முதல் வாரம் சரியாக விட்டார். இரண்டாவது வாரம் வந்தபோது அந்த வாய்ஸ் பேத்தியின் படங்களுக்கும் காலை வணக்கங்களுக்கும் அடியில் போய்விட்டது. மூன்று நாள் கழித்துப் பேசும்போதுதான் இன்னும் 6 தடவையே விடுகிறார் என்று தெரிந்தது. தங்கை உடனே டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

பிறகு இப்படி மாற்றினோம். முதலில் சீட்டையும் மருந்துப் பாட்டிலையும் படம் எடுத்துக் குழுவில் போட்டோம், மருந்தின் பெயரை நாம் உச்சரித்துச் சொல்வதில் அர்த்தமில்லை என்பதால். அடுத்து, தமிழ் எழுத்தில் ஒரே செய்தி:

மே 11 திங்கள் முதல் மே 17 ஞாயிறு வரை: ஒரு நாளுக்கு 5 தடவை
மே 18 திங்கள் முதல் மே 24 ஞாயிறு வரை: ஒரு நாளுக்கு 4 தடவை

இப்படி கடைசி வாரம் வரை. "இரண்டாவது வாரம்" என்று போடவில்லை. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற குழப்பம் வரும், தேதியில் அது வராது. இந்தச் செய்தியைக் குழுவின் உச்சியில் பின் செய்தோம். வாட்ஸ்அப்பில் 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று மூன்று அளவு கேட்கும். 30 நாள் தேர்ந்தெடுத்தோம். கெடு முடிந்தால் தானாகக் கழன்றுவிடும் என்பதால், தேதி வைத்து மறுபடி பின் செய்ய வேண்டியது தங்கையின் பொறுப்பு.

வாய்ஸுக்கும் இதில் இடம் இருந்தது. அப்பாவால் அந்த நாட்களில் போனைப் பார்த்துப் படிக்க முடியவில்லை. ஒவ்வொரு திங்கள் காலையும் தங்கை அவருக்குத் தனியாக ஒரு சின்ன வாய்ஸ் அனுப்பினாள்: "அப்பா, இன்னிக்கு இருந்து அஞ்சு தடவைதான். அம்மாகிட்ட லிஸ்ட் இருக்கு." அம்மாவுக்குப் படிப்பது, அப்பாவுக்குக் கேட்பது. தம்பி பேச வரும் நேரத்தைக் குழுவில் போடும்போது "இந்திய நேரம் இரவு 8 மணி" என்று எழுதச் சொன்னோம், துபாய்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது.

## 8. வாய்ஸ்தான் என்று முடிவானால் பேசும் முறை

மைக்கை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், விரலை எடுத்துவிடலாம். பூட்டிய பிறகு நிறுத்தி, அனுப்பும் முன் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். குறைந்தது முதல் ஐந்து விநாடியைக் கேளுங்கள், காற்றும் மிஷினும் உங்கள் குரலை மூடியிருந்தால் அங்கேயே தெரியும்.

முதல் வாக்கியத்தில் யாருக்கு, எதைப் பற்றி என்று சொல்லுங்கள். "அண்ணா, ஆர்டர் 214 கழுத்துப் பட்டி விஷயமா." குழுவில் பதினைந்து பேர் இருந்தால், மற்ற பதினாலு பேர் அங்கேயே நிறுத்திவிடலாம். "ஹலோ... ஆ... கேக்குதா..." என்று தொடங்குவது போன் பேசும் பழக்கம். இங்கே எதிரில் யாரும் இல்லை.

ஒரு பதிவுக்கு ஒரு விஷயம். நாற்பது விநாடியைத் தாண்டினால் நான் நிறுத்தி, இதை எழுத வேண்டுமா, போனே செய்துவிட வேண்டுமா என்று யோசிப்பேன். மூன்று நிமிடம் பேச வேண்டிய விஷயத்தில் எதிராளிக்கும் கேள்விகள் இருக்கும். அதற்கு அழைப்புதான் சரி.

அனுப்பியதைக் கேட்டாரா என்றும் பாருங்கள். இருவர் மட்டும் பேசும் சாட்டில் டிக் நீலமானால் செய்தியைப் பார்த்தார் என்றுதான் பொருள். மைக் குறியும் நீலமானால்தான் பதிவை ஓட்டினார். வேலையில் நிறையக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

## 9. வாய்ஸ் மட்டுமே அனுப்புகிறவர் எதிரில் இருந்தால்

முதலாளியோ, பெரியப்பாவோ எல்லாவற்றையும் வாய்ஸில்தான் சொல்வார்கள். "டைப் பண்ணுங்க" என்று அவர்களிடம் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். நீங்கள் எழுதிவிடுங்கள்.

பதிவைக் கேட்டதும் அதையே இழுத்துப் பதிலாக டைப் செய்யுங்கள்: "ஐயா, நான் எழுதிக்கிட்டது: ஆர்டர் 214, 90 அளவு 800 பீஸ், மார்ச் 20 வெள்ளி. சரிங்களா?" அவர் "சரி" என்று மறுபடி வாய்ஸில் சொன்னாலும் பரவாயில்லை, எழுத்து ஏறிவிட்டது, நாளை தேடினால் கிடைக்கும். அவர் சொல்லாத ஒன்றை அதில் சேர்க்காதீர்கள். சரியாகக் கேட்காத எண்ணை ஊகித்து எழுதாமல், அந்த இடத்தில் "90 அளவு எழுநூறா, எண்ணூறா?" என்று இரண்டையும் வைத்துக் கேளுங்கள். வெறுமனே "கேக்கலீங்க" என்றால் முழுப் பதிவையும் மறுபடி பேசி அனுப்புவார், அதே இடம் மறுபடியும் தெளிவில்லாமல் இருக்கும்.

இந்தப் பதிலை அவருடைய வாய்ஸ் வந்த அதே குழுவில் போடுங்கள். தனிச் சாட்டில் உறுதி செய்துகொண்டால், அந்த வாய்ஸைக் கேட்ட மற்றவர்கள் அவரவர் காதுக்குக் கேட்ட எண்ணையே வைத்துக்கொண்டிருப்பார்கள்.